ஒன்பதடி தள்ளி ஓர் எட்டு-கே டிவி

என் நைனா சுப்பராயனைப் பற்றி யாராவது நல்லபடியாக எழுதச் சொன்னால் என்னால் முடியாது. மனுஷன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. ஆகவே திட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

அவருடைய அப்பா அடுத்தவன் வயலில் நாற்று பிடுங்கியவர். நைனா பத்தொன்பது வயதில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலைக்குக் கூலியாகப் போனார். கம்பி உருட்டும் ஆலை. எட்டு வருஷம் தரையில் சுமை தூக்கினார். அப்புறம் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன் அது. முப்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்கு ஏணி, அதில் நைனா. முப்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். "எங்கப்பன் குனிஞ்சே செத்தாரு. நான் மேல குந்திகினு கீறேன்" என்பார். இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். அந்த நிமிர்வுதான் எங்கள் எல்லோரையும் ஆட்டி வைத்தது.

கவரைப்பேட்டையில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரர் ஜெகனும் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறோம். ஜெகனுக்கு அதே ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நைனாதான். கிரேனுக்கு நேர் கீழே நின்று கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, மேலே இருப்பவருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. ஆலைச் சத்தத்தில் வாயால் சொன்னால் எதுவும் கேட்காது. கைதான் பேசும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஜெகனும் சேர்ந்து ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு ஃபோர்-கே டிவி வாங்கி ஹாலில் மாட்டினோம். அருமையான டிவி. சோபா அதற்கு எதிரே ஒன்பதடி தள்ளி இருக்கிறது. ஆறு மாசம் நைனாவும் சும்மாதான் பார்த்தார். அப்புறம் பிடித்தது பேஜாரு.

"இன்னாடி இது, மூஞ்சியே தெரியல. ஸ்கோரு தெரியல. கொழகொழன்னு கீது."

கேபிள்காரரோடு சண்டை போட்டார். டிஷ் மாற்றினார். எச்டி சேனலுக்குக் கூடுதலாகக் கட்டினார். பின்னால் போகிற வயரை மாற்றினார். ஒருநாள் வேட்டித் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து டிவி திரையை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு முத்தம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார்கள்.

"எங்களுக்கெல்லாம் நல்லாத்தான நைனா தெரியுது?"

"உங்களுக்கு டேஸ்ட்டு இல்ல, அவ்ளோதான்."

கண்ணைக் காட்டலாம் என்று அம்மா ஒருதரம் வாயெடுத்தது. அவ்வளவுதான், வீடே இரண்டானது. "எனக்காடி கண்ணு? நாப்பது வயசுல போட்ட படிக்கிற கண்ணாடிய இப்போ தூக்கிப் போட்டுட்டேன். பேப்பரு வெறுங்கண்ணுல படிக்கிறேன். உன்னால முடியுமா?" என்று தினசரியைக் கையில் பிடித்துப் பொடி எழுத்துக் கோர்ட்டு விளம்பரத்தை மளமளவென்று வாசித்துக் காட்டினார். மெய்யாலுமே வாசித்தார். கண் இளசாகிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாங்களும் நம்பினோம். முட்டாள்கள்.

இந்த நேரத்தில்தான் ஆலையில் எவனோ எட்டு-கே என்று ஒரு பேச்சை ஊதிவிட்டான். ஃபோர்-கேவை விட நாலு மடங்கு புள்ளி. இலையில் நரம்பு தெரியும், தேனீக்கு ரோமம் தெரியும். அறுபத்தைந்து அங்குலம், மூன்று லட்சத்துக்கு மேல். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது வைப்புநிதியில் கைவைக்கப் போகிறேன் என்று நைனா சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்!

ஏன் கோபம் என்றால், நான் செய்கிற வேலை அப்படி. சிப்காட்டிலேயே கார் உள்பாகம் செய்கிற பிளாஸ்டிக் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு நாளைக்கு அறுநூறு பீஸ் பார்க்கிறேன். அதற்கு ஒரு சட்டம் உண்டு. வெள்ளை விளக்குக்கு அடியில், கை நீட்டின தூரத்தில் பீஸைப் பிடித்துப் பத்து விநாடி பார்க்க வேண்டும். அந்தத் தூரத்தில் தெரிகிற கீறல்தான் கீறல். மூக்குக்கு நேரே வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பீஸிலும் கீறல் இருக்கும். கார் ஓட்டுகிறவன் மூக்கை வைத்தா ஓட்டப்போகிறான்? எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறாய் என்று கேட்காமல், தெரியும் தெரியாது என்ற பேச்சே கிடையாது. இதை நைனாவிடம் நூறு தடவை சொன்னேன். "பிளாஸ்டிக்கு வேற, டிவி வேற. பொத்திகினு வா" என்றார்.

ஜெகனாவது தடுப்பார் என்று பார்த்தால், "உடு ஏஞ்சி, மாமாவோட டப்பு, மாமாவோட ஆசை" என்று என்னைச் செல்லப்பெயரால் கூப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் நான் கத்தினேன்.

அந்த டிவி கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் பார்வைக்கு இல்லை. திருவள்ளூரில் ஒரு கடையில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி நானும் நைனாவும் போனோம். காசைப் போட்டு ஏமாறுகிறதை நேரில் பார்த்துவிட்டாவது சண்டை போடலாம் என்றுதான் நான் போனேன்.

கடையில் அந்த டிவியைத் தனியாக ஒரு மேடையில் வைத்திருந்தார்கள். திரையில் பூ, பூவின் மேல் தேனீ. நைனா விறுவிறுவென்று போய் இரண்டடி தூரத்தில் நின்றார்.

"பாருடி! பாரு! ஒவ்வொரு மசுரும் தெரியுது பாரு. நான் சொன்னப்போ கேட்டியா?"

கண்ணில் தண்ணீர் தளும்ப நின்றார் மனுஷன். மேனேஜர் ஓடி வந்தார். "சாருக்கு நல்ல டேஸ்ட்டு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விற்பனைக்கு நின்ற பெண்ணின் பெயர் திலகவதி என்று சட்டையில் இருந்தது. மேனேஜர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஊட்டுல ஒம்போது அடி தள்ளிக் குந்திப் பார்ப்போம். அங்கேருந்து இந்த மசுரு தெரியுமா? உண்மையச் சொல்லு. பொய் சொன்னா இங்கேயே கத்துவேன்."

அவள் மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தெரியாதுக்கா. இந்த சைஸுல நாலடி தாண்டினாலே ஃபோர்-கே புள்ளியையே கண்ணால பிரிக்க முடியாது. எட்டு-கேவுல கீற கூடுதல் புள்ளி தெரியணும்னா நாலடிக்குள்ள வரணும். முழுசா தெரியணும்னா ரெண்டடி. இது கடையில கிட்டக்க நின்னு பார்க்கிறதுக்குத்தான் சோக்கா இருக்கும்."

"அப்ப சேனலு?"

"சேனலு எதுவும் எட்டு-கேவுல வர்றதில்லக்கா. நீங்க பார்க்கிறது எச்டி, சிலது அதுவும் இல்ல. ஆன்லைன் படம் சிலது ஃபோர்-கே. யூடியூப்ல கொஞ்சம் எட்டு-கே கீது, அதுக்கும் நெட்டு பலமா வேணும். மீதியெல்லாம் டிவியே நடுவுல புள்ளிய யோசிச்சுப் போட்டு ரொப்பிக்கும். இந்தத் தேனீ எங்க பென்டிரைவுல ஓடுது. போன மாசம் ஒருத்தர் வாங்கினு போய், சீரியலு முன்னாடி மாரியேதான் கீதுன்னு வந்து என்னைத் திட்டினாரு. திட்டு எனக்கு, கமிஷன் அவருக்கு." 'அவர்' என்றபோது மோவாய் மேனேஜர் பக்கம் திரும்பியது.

அவளை எனக்குப் பிடித்துவிட்டது. "இதே சைஸுல ஒரு ஃபோர்-கேவ பக்கத்துல தள்ளு. ரெண்டுலயும் இதே தேனீயப் போடு" என்றேன். கடையிலிருந்தே டேப்பு வாங்கி ஒன்பதடி அளந்து நாற்காலி போட்டேன். முதலில் நானே உட்கார்ந்தேன். எது எட்டு, எது நாலு என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். திலகவதி இரண்டு டிவியின் ஓரத்திலும் அட்டையை வைத்துப் பெயரை மறைத்தாள், இரண்டிலும் அதே தேனீயைப் பென்டிரைவில் ஓட்டினாள், நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாக வைத்தாள். கண்ணைத் திறந்தேன். தினம் அறுநூறு பீஸில் கீறல் தேடுகிற கண் இது. வித்தியாசம் ஒரு மண்ணும் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்றைக்கு நைனா மூக்கு உடையப்போகிறது என்று.

"வா நைனா. குந்து. எது உன் மூணு லட்சம், சொல்லு."

உட்கார்ந்தார். பார்த்தார். முகம் சுருங்கியது. தலையை முன்னால் நீட்டினார், பின்னால் இழுத்தார். அப்புறம் எழுந்து கத்தினார்.

"இன்னா டகல்டி வேலை இது? படத்த மாத்திட்டீங்களா? ரெண்டும் கொழகொழன்னு கீது! எங்க ஊட்டு டிவிய விட மோசமா கீது!"

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் மட்டும் அசையவில்லை. திரையில் தேனீ என் கண்ணுக்குக் காலில் மகரந்தத்தோடு தெரிந்துகொண்டிருந்தது.

"திலகா, மெனுவப் போடு. பெரிய எழுத்துல" என்றேன்.

போட்டாள். நாற்காலியில் இருந்தபடி எனக்கு எல்லா வரியும் தெரிந்தது.

"படி நைனா."

"படிக்கிறதுக்கா டிவி?"

"படி."

படிக்கவில்லை. எத்தனை வரி இருக்கிறது என்று கேட்டேன். மூன்று என்றார். ஏழு இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அத்தனையும் படித்தார், பொடி எழுத்து உட்பட. திலகவதி பேயறைந்தது போல நின்றாள். "எங்க மாமியாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கிட்டக்க கண்ணாடி இல்லாம படிக்க ஆரம்பிச்சாங்க, நாங்க கொண்டாடினோம். புரை முத்திக்கினு வந்துருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் மெதுவாக.

எனக்கு டிவி மறந்துபோனது. முப்பதடி உயரக் கூண்டுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கீழே ஜெகன் கை.

"வருஷா வருஷம் கம்பெனில கண்ணு டெஸ்ட்டு வெக்கிறானே. எப்படி பாஸ் பண்ண?"

நைனா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்படி நைனா?"

"வரிசைல நிப்போம்" என்றார். "முன்னால போறவனெல்லாம் சத்தமா படிப்பான். வருஷா வருஷம் அதே அட்டை." அப்புறம் நான் கேட்காமலே, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, கடை நடுவில் நின்று ஒப்பித்தார். "ஈ. எஃப்பு, பி. டி, ஓ, இசட்டு. எல்லு, பி, ஈ, டி."

ஆண்டவரே. நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. சோறு போட்ட மனுஷன், என்னைப் படிக்க வைத்த மனுஷன் என்றெல்லாம் பார்க்கவில்லை. கொலைகாரன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அது மட்டும் நினைவிருக்கிறது. ஏனென்றால் அதைக் கேட்டதும்தான் நைனா கடையை விட்டு இறங்கி நடந்தார். பஸ்ஸில் ஒருதரம், "கீழ எறக்கினா பெருக்க உடுவானுங்கடி. ரெண்டு வருஷம். வயக்கம் கீது எனக்கு, கண்ண மூடினு ஓட்டுவேன்" என்றார். மூடிக்கொண்டுதானே ஓட்டியிருக்கிறாய் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெகனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவருக்கு அதிர்ச்சியே இல்லை. துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆடிலேருந்து. சைக புரியாம தடுமாறினாரு. அப்பாலதான் வெள்ளை கிளவுஸ் வாங்கிப் போட்டுகினேன். கை பளிச்சுனு தெரியட்டும்னு."

அந்த வெள்ளைக் கிளவுஸை வாரம் இரண்டு தடவை நான்தான் துவைக்கிறேன். நீலம் போட்டு.

"வேலை வாங்கிக் குடுத்தவரு ஏஞ்சி. மாமா. நான் போயி ஆபீஸ்ல போட்டுக் குடுக்கவா? டிவிய வாங்கினா ஊட்டுல கண்ணு மேட்டரே வராதுன்னு பார்த்தேன். ரெண்டு வருஷம்தான?"

இரண்டு பேரும் எனக்கு எதிராகக் கூட்டு வைத்துக்கொண்டு, ஒருவர் தலைமேல் ஒருவர் டன் கணக்கில் இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று அதே பாட்டு. கையில் கிடைத்த சோப்பு டப்பாவை ஜெகன் மேல் எறிந்தேன். பட்டது. அதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் சோற்று டப்பாவோடு கிளம்பினார்கள். எதுவுமே நடக்காத மாதிரி. நைனா சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் தெருவில் இறங்கிக் குறுக்கே நின்றேன்.

"இப்படியே நீ ஏணி ஏறினன்னா, நானே ஆலை கேட்டாண்ட வந்து சேஃப்டி ஆபீசருகிட்ட சொல்லுவேன். உன் வேலை போனாலும் சரி, உன் மூஞ்சில நான் முழிக்கலன்னாலும் சரி."

"மாப்ள காட்டுற சைகய நான் பார்க்கலியா? முப்பது வருஷம்டி!" நைனா உறுமினார்.

"அப்ப இங்க பாரு. ஜெகன், கிளவுஸ கழட்டு. போயி அந்தக் குழாயாண்ட நில்லு."

தெருக்குழாய் நாற்பது அடி இருக்கும். அதற்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெகன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் கிளவுஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

விரல் மேலே பார்க்கச் சுற்றினால் தூக்கு. விரல் கீழே பார்க்கச் சுற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க அப்படியும் இப்படியும் வீசினால் நிறுத்து. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நைனாதான் எனக்கு ஆறு வயதில் சொல்லிக் கொடுத்தார்.

ஜெகன் வலது கையை நீட்டி வீசினார். உள்ளங்கை கீழே. நான் தெளிவாகப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தது.

நைனா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். அப்புறம் கொஞ்சமும் தயங்காமல், முப்பது வருஷ அனுபவத்தோடு, அழகாகச் சொன்னார்.

"எறக்குன்றான்."

ஜெகன் கையை வீசிக்கொண்டே இருந்தார். நைனா என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் என் முகம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பிறகு அவர் மெதுவாகக் குழாயை நோக்கி நடந்தார். நடக்க நடக்கத்தான் அவருக்கு அந்தக் கை தெரிந்திருக்க வேண்டும். இரண்டடி தூரத்தில் நின்று, வீசிக்கொண்டிருந்த கையைப் பிடித்தார்.

"ஆடில அந்தக் கம்பிக் கட்ட எறக்கினனே, மாப்ள. அப்பவும் இப்படித்தான் காட்டினியா?"

ஜெகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு தபா காட்டினேன் மாமா. அப்பால நவுந்துகினேன்."

நைனா அந்தக் கையை விடவில்லை. ஆலை கேட்டு வரைக்கும் பிடித்துக்கொண்டே போனாராம். ஏணிப் பக்கம் போகவில்லை. நேராக ஆபீஸ் அறைக்குப் போய், சேஃப்டி ஆபீசர் முன்னால் நின்று, "சார், அந்த எழுத்து அட்டைய சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சு என்னைக் கேளுங்க, அப்பவும் ஒப்பிப்பேன்" என்றாராம்.